பத்தடி ஃப்ளெக்ஸில் என் இடது காது

ஹைதராபாத்தில் ஒரு வீட்டின் கூடத்துச் சுவரில், சில மாதங்கள், என் இடது காதுக்குத் தினமும் பூ வைத்தார்கள். நான் அப்போது உயிரோடுதான் இருந்தேன். இப்போதும் இருக்கிறேன். காது மட்டும் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை அங்கே அனுப்பிவைத்தவன் நான்தான். எழுதிவிட்டால் மனம் லேசாகும் என்கிறார்கள். ஆகுமா என்று தெரியவில்லை.

மத்திய அரசின் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பின் சிலர் கோவிலுக்குப் போகிறார்கள், சிலர் சங்கத்துக்குச் செயலாளராகிறார்கள். நான் பழைய புகைப்படங்களைத் திருத்தக் கற்றுக்கொண்டேன். தார்நாக்காவைச் சுற்றியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் யார் வீட்டில் படம் கிழிந்தாலும் என் மேசைக்கு வரும். செத்துப்போனவர்களுக்குச் சட்டை மாற்றியிருக்கிறேன். வாழ்நாள் முழுக்கப் பேசிக்கொள்ளாத கணவனையும் மனைவியையும் ஒரே சோபாவில் உட்காரவைத்திருக்கிறேன். வாய் கோணிய ஒரு தாசில்தாரைச் சிரிக்க வைத்தபோது, உயிரோடிருக்கையில் அவர் சிரித்ததே இல்லை என்று குடும்பத்தார் மறுத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஆனாலும் பொதுவாக எனக்குப் பேர் இருந்தது. அந்தப் பேர்தான் வினை.

என்னோடு வேலை பார்த்த நண்பனுக்குத் திருமணமாகி ஐம்பது ஆண்டு. பெங்களூரில் இருக்கும் அவன் மகள் ஹாலைப் பதிவு செய்துவிட்டு, வாசலில் வைக்க அப்பா அம்மாவின் கல்யாணப் படத்தைப் பெரிய ஃப்ளெக்ஸாக அடிக்கவேண்டும் என்றாள். அகலம் பத்தடி. நண்பனும் அவன் மனைவியும் என்னைப் போலவே திருநெல்வேலிப் பக்கம். மகள் ஹைதராபாத்தில் படித்தவள், தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும்.

படத்தைக் கொண்டுவந்து கொடுத்தது நண்பனின் மனைவி. உள்ளங்கை அளவில் கறுப்பு வெள்ளைப் படம். மணமக்கள், இரண்டு பக்கத்துப் பெற்றோர், முழு உருவமாக நின்றுகொண்டு, ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவர்கள்போல கேமராவைப் பார்க்கிறார்கள். இரும்புப் பெட்டியில் ஈரம் இறங்கி, படத்தின் ஓரத்தைப் பூஞ்சை தின்றிருந்தது. பூஞ்சைக்கும் ஒரு ரசனை உண்டு. பட்டுப்புடவையை விட்டுவிட்டது, நண்பனை விட்டுவிட்டது, பெண்ணின் அப்பாவை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தது. அவர் சற்றுத் திரும்பி நின்றதால் படத்தில் தெரியவேண்டியது இடது காது ஒன்றுதான். அந்தக் காதும், அதற்குக் கீழே தாடை ஓரமும் வெள்ளையாகப் போயிருந்தன.

இந்தக் கல்யாணம் முடிந்த அடுத்த வருஷமே அவர் இறந்துபோனார். அவருக்கு இருக்கிற ஒரே படம் இதுதான்.

"அப்பா முகம் மட்டும் கெட்டுறாமப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றாள். "மத்தவங்க எப்படிப் போனாலும் சரி."

மத்தவங்களில் ஒருவனான நண்பன் பக்கத்திலேயே உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். "என் முடியை நல்லாக் காட்டிரும் வே" என்றான். "அது இருந்ததுக்கு இனிமே வேற சாட்சி கிடையாது."

அவர்கள் போனதும் ஸ்கேனரில் வைத்து, அது எட்டும் மட்டும் நுணுக்கமாக எடுத்தேன். மற்ற இடங்களெல்லாம் சுலபம். மடிப்புக் கோடுகளை மறைத்தேன், புள்ளிகளைப் பொறுக்கினேன், நண்பனின் முடியில் நான் கைவைக்கவே இல்லை, அது அவ்வளவு நன்றாகத்தான் இருந்திருக்கிறது. மீதி இருந்தது காது.

ஒட்டுப்போடுவதில் முதல் விதி, அதே படத்திலிருந்து எடுப்பது. அதே வெளிச்சம், அதே மணல்மணலான பரப்பு. நண்பனும் மாமனார் திரும்பிய பக்கமே திரும்பி நின்றிருந்தான். எனவே மாப்பிள்ளையின் காதை எடுத்து மாமனாருக்கு வைத்தேன். தாடை ஓரத்தைக் கழுத்துத் தோலிலிருந்து இழுத்து மூடினேன். மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மூன்று இதயமும் ஒரு 'சூப்பர் அங்கிளு'ம் வந்தன. கைப்பேசியில் பார்த்தால் எல்லாமே சூப்பர்தான். கட்டைவிரல் நகத்தளவுக்கு ஒரு முகம் இருக்கையில் அதில் யார் காது இருந்தால் என்ன.

ஆனால் நான் ஒழுங்கானவன் என்று என்னைப்பற்றி ஓர் எண்ணம் எனக்கு உண்டு. ஃப்ளெக்ஸுக்குப் போகும் படத்தை அச்சாகும் அளவிலேயே பார்க்காமல் அனுப்பமாட்டேன். திரையில் நூறு சதவீதம் என்று போட்டால் அச்சளவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஃப்ளெக்ஸுக்கு ஓர் அங்குலத்துக்கு எழுபத்திரண்டு புள்ளி வைத்திருந்தேன், என் திரையில் ஓர் அங்குலத்துக்குள் அதைவிட அதிகமான புள்ளிகள் அடங்கும். அதனால் நூறில் படம் சின்னதாகத்தான் தெரியும். நான் செய்வது இது: படத்தின் ஓரத்தில் அளவுகோலை வரவழைத்து, பேரன் விட்டுப்போன பிளாஸ்டிக் ஸ்கேலைத் திரைமேல் வைத்து, இரண்டின் அங்குலமும் ஒன்றாகும்வரை பெரிதாக்குவேன். அப்புறம் ஒட்டுப்போட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் திரைக்கு நடுவில் கொண்டுவந்து, முதலில் நாற்காலியில் உட்கார்ந்தும் பிறகு அறையின் மறுகோடியில் கதவோரம் நின்றும் பார்ப்பேன்.

கதவோரத்திலிருந்து பார்த்தபோது சிரித்துவிட்டேன். நலங்கு வைத்தபோது நண்பனின் காது மடலில் சந்தனம் ஒரு திட்டாக ஒட்டியிருந்திருக்கிறது. மாமனாரின் காதிலும் அதே திட்டு, அதே வடிவத்தில். காதுக்கு மேலே பறந்த ஒற்றை முடிகூட இரண்டு பேருக்கும் ஒரே வளைவு. உள்ளங்கைப் படம் பத்தடியானால் அதில் நிற்பவர்கள் நிஜ ஆள் உயரத்துக்கு வந்துவிடுவார்கள். வாசலில் நின்று செல்ஃபி எடுக்கும் கூட்டத்தில் யாராவது ஒரு கிழவர், மாமனாரும் மருமகனும் ஒரே காதைப் பங்குபோட்டிருப்பதைக் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கிழவர் நானாகவே இருந்திருப்பேன்.

சந்தனத்தைத் துடைத்துப் பார்த்தேன். துடைத்த இடம் பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பாகிவிட்டது. காதை மங்கலாக்கிப் பார்த்தேன். திரையில் சுமாராக இருந்தது. நியாயமாக நான் அங்கே நிறுத்தியிருக்கவேண்டும். மங்கலாக ஒரு நிழல், பார்க்கிறவர்கள் ஏதோ காது என்று எடுத்துக்கொள்வார்கள், பொய்யும் இல்லை. ஆனால் அச்சளவில் பார்த்தால் முகம் தெளிவாக இருக்க, காது மட்டும் பனிமூட்டத்தில் இருந்தது. ஒட்டு தெரிந்தது. ஒட்டு தெரிவது எனக்கு அவமானம்.

அப்போதுதான் என் காது ஞாபகம் வந்தது.

ஜன்னலோரம் நின்றுகொண்டு மனைவியைக் கூப்பிட்டேன். இடது பக்கம், இந்த உயரத்திலிருந்து, வெளிச்சம் இப்படி விழும்படி எடு என்றேன்.

"காதைப் போட்டோ எடுத்து எவளுக்கு அனுப்பப்போறீங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு நன்றாகத்தான் எடுத்தாள்.

வயதானால் காது வளரும். மற்றதெல்லாம் சுருங்கும்போது ஏன் அது மட்டும் வளர்கிறது என்று எனக்குத் தெரியாது. என் காதில் முடியும் உண்டு, ஒட்டடைபோல. அவர் படத்தில் ஐம்பதைத் தொடாதவர். மடலைக் குறைத்தேன், முடியை மழித்தேன், சுருக்கத்தை எடுத்தேன், கறுப்பு வெள்ளையாக்கி ஒட்டினேன். கைப்பேசியில் எடுத்த காது ரொம்பச் சுத்தமாக இருந்தது. பழைய படத்தின் மணல் அதில் இல்லை. எனவே கொஞ்சம் மங்கலாக்கி, மேலே மணல் தூவி, தூவிய மணலின் பருமன் பக்கத்துக் கன்னத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஸ்கேலைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். அச்சளவில் பார்க்காமல் இதைச் செய்யவே முடியாது. படத்தைச் சிறிதாக்கினால் மணல் எல்லாம் ஒன்றாகத் தெரியும், ரொம்பப் பெரிதாக்கினால் எல்லாமே கட்டம் கட்டமாகிவிடும்.

திரை சொல்வதை முழுக்க நம்பமுடியாது. நாச்சாரத்தில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் நான் வழக்கமாகப் போகும் ஃப்ளெக்ஸ் அச்சகம் இருக்கிறது. அங்கே மெஷின் ஓட்டுகிறவரிடம், யாருடைய பேனரிலாவது ஓரம் மிஞ்சினால் என் படத்தில் அந்த முகத்தை மட்டும் அதே அளவில் ஒரு துண்டாக அடித்துக்கொடுங்கள் என்று கேட்டேன். ஏதோ பள்ளிக்கூடத்தின் அட்மிஷன் பேனரின் ஓரத்தில் அடித்தார். மெஷினிலிருந்து பெண்ணின் அப்பா மெல்ல மெல்ல இறங்கி வந்தார். நெற்றி, கண், மூக்கு. பிறகு காது.

"கான் ஹரா ஹோகயா அங்கிள்" என்று மெஷின்காரர் சிரித்தார். காது பச்சையாகிவிட்டது என்கிறார். உண்மைதான். பழைய படம் வருஷக்கணக்கில் பழுப்பேறியது, என் காது சுத்தமான சாம்பல். திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. நாலு மை கலந்து அடிக்கையில் சாம்பல் பச்சைப் பக்கம் சாய்ந்துவிட்டது. பெண்ணின் தகப்பனார் வேற்றுக் கிரகத்திலிருந்து கல்யாணத்துக்கு வந்தவர்போல இருந்தார்.

வீட்டுக்கு வந்து மொத்தப் படத்தையும் ஒரே சாம்பலாக்கி, அதன்மேல் பழைய பழுப்பை ஒரே போர்வையாகப் போர்த்தினேன். மறுபடி நாச்சாரம், மறுபடி ஒரு துண்டு. இந்த முறை மெஷின்காரர் எந்த இடம் ஒட்டு என்று தேடிவிட்டுச் சட்டையைக் காட்டினார். சட்டையில் நான் தொடவே இல்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

துண்டைச் சுருட்டிக்கொண்டு வந்து பால்கனியில், துணிக்கொடியில், இரண்டு லுங்கிகளுக்கு நடுவே தொங்கவிட்டேன். பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். கிட்டே நின்று, தள்ளி நின்று, பக்கவாட்டில் நின்று பார்த்தேன். காது இருந்தது. யார் காது என்று சொல்லமுடியாத, அவர் காதாக மட்டுமே இருக்கக்கூடிய காது.

அப்போது வாசல் மணி அடித்தது. மனைவி கதவைத் திறந்தாள். நண்பனின் மனைவி, அழைப்பிதழோடு.

நான் சொல்லவந்தது இந்த இடம்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதற்குள், நான் துண்டைக் கொடியிலிருந்து உருவிச் சுருட்டி, துவைக்கப்போட்ட துணிகளுக்கு அடியில் செருகிவிட்டேன். அவள் மகள் முடிந்த படத்தை விழாவரை திடீர் ஆச்சரியமாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் அதுவல்ல. உலகத்தில் அந்தக் காதை நன்றாக அறிந்த கடைசி ஆள் அவள். அவளிடம் காட்டினால், இது அப்பா காது இல்லை அண்ணாச்சி என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். சொன்னால் மறுபடி மழிக்கவேண்டும், மறுபடி மணல் தூவவேண்டும், மறுபடி நாச்சாரம். அதைவிட, அவ்வளவு அழகான ஒட்டைக் கலைக்க மனம் வரவில்லை. அவள் காப்பி குடித்துவிட்டு, படம் நல்லா வருதா அண்ணாச்சி என்று கேட்டாள். பிரமாதமா வருது தங்கச்சி என்றேன். அவளுடைய அப்பா என் பனியன்களுக்கு அடியில் கிடந்தார்.

விழாவன்று ஹால் வாசலில் அவர்கள் எல்லோரும் ஆள் உயரத்துக்கு நின்றார்கள். நண்பன் தன் பழைய முடிக்குப் பக்கத்தில் வழுக்கையோடு நின்று விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டான். அவன் மனைவி பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராகத் தன் அப்பாவிடம் போனாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். கையைத் தூக்கி அந்தக் காதைத் தொட்டாள். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு ஒருத்தி தன் தகப்பனைத் தொடுகிறாள். தொட்டது என்னை. எனக்கு நிஜமாகவே காது கூசியது.

எல்லோரும் என் திறமையைப் புகழ்ந்தார்கள். நான் பாயசம் இரண்டு முறை வாங்கிக்கொண்டேன்.

விழா முடிந்ததும் ஃப்ளெக்ஸைப் பால்கனியில் வெயிலுக்குக் கட்டலாம் என்று நண்பன் சொல்ல, அவள் அதிலிருந்து அப்பாவின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பலகையில் ஒட்டிக் கூடத்தில் மாட்டினாள். அன்றிலிருந்து பூ. நான் போகும்போதெல்லாம் என் எதிரிலேயே என் காது. அதில் செவ்வந்தியோ மல்லிகையோ செருகியிருக்கும். முதலில் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. பூ வாடியிருந்தால் நண்பனிடம், என்னடே எனக்கு நேத்துப் பூவா என்று கேட்க நாக்கு துடிக்கும்.

அப்புறம் விஷயம் முற்றியது. ஊரிலிருந்து வந்த அவளுடைய சித்தி ஒருத்தி, நண்பனின் பேரனைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, அப்படியே பூட்டன் காது என்று கண்டுபிடித்தாள். மகளும் தன் காதைக் கண்ணாடியில் பார்த்து ஆமாம் என்றாள். ஒரு குடும்பமே என் காதுக்கு வாரிசாகிக்கொண்டிருந்தது. நான் மிக்சரைக் கொறித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாலை நண்பன் மருந்து வாங்கப் போயிருந்தான். அவள் தட்டில் எனக்குப் பழம் நறுக்கிவைத்துவிட்டு, படத்தைப் பார்த்தபடி சொன்னாள். "முன்னாடியெல்லாம் கண்ணை மூடினா அப்பா முகம் பாதிதான் வரும் அண்ணாச்சி. இப்ப முழுசா வருது. உங்களாலதான்."

பழத்தட்டைத் தள்ளிவைத்தேன். சொல்லிவிட்டேன். பூஞ்சை தின்ற இடத்தில் ஒன்றுமே இல்லை என்றும், முதலில் அவள் புருஷன் காதை வைத்தேன் என்றும், அச்சளவில் பார்த்தபோது மாட்டிக்கொண்டதால் என் காதை வைத்தேன் என்றும், கொடியில் தொங்கிய துண்டை அவள் வந்தபோது ஒளித்தேன் என்றும், ஒன்றுவிடாமல் சொன்னேன். அலுவலக விசாரணையில்கூட அப்படிச் சொன்னதில்லை.

அவள் என்னைத் திரும்பச் சொன்னாள். திரும்பினேன். எழுந்து வந்து என் காதைக் கிட்டத்தில் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். உதடு ஓரத்தில் ஒரு சிரிப்பு வரத் தொடங்கியது. தப்பித்தோம் என்று நினைத்தேன். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"அப்பா காது எப்படி இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இருந்துச்சுலா" என்றாள். "சின்னப்பிள்ளையில அவர் தோள்ல உக்காந்து அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் தேரு பாப்பேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

இப்போது சொல்லு தங்கச்சி, இன்றைக்கே மாற்றிவிடுகிறேன் என்றேன். மடல் ஒட்டியிருக்குமா, தொங்கியிருக்குமா, மேலே அகலமா என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் கண்ணை மூடினாள். ரொம்ப நேரம் மூடியிருந்தாள்.

"வரமாட்டேங்கு அண்ணாச்சி" என்றாள். "இதுதான் வருது."

மறுநாள் அவளே என் வீட்டுக்கு வந்தாள். கணினிக்கு முன்னால் நாற்காலி போட்டேன். ஸ்கேலை வைத்து அச்சளவுக்குக் கொண்டுவந்தேன். வேறு காதுகள் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். வைத்துக் காட்டினேன்கூட. சிறியது, ஒட்டியது, அகலமானது. ஒவ்வொன்றுக்கும் இருக்கலாம் என்றாள், அப்புறம் இல்லை என்றாள். கடைசியில் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். பூஞ்சையின் வெள்ளை, ஆள் அளவில், ஓரம் பிய்ந்து, திரையில் இருந்தது. அதை அவள் கதவோரம் போய் நின்றும் பார்த்தாள். நான் கற்றுக்கொடுக்கவில்லை, அவளாகவே போய் நின்றாள்.

"இப்படியே அடிச்சிருங்க" என்றாள்.

நாச்சாரத்தில் மெஷின்காரர் துண்டைப் பார்த்துவிட்டு, இதை விட்டுவிட்டீர்களே அங்கிள் என்று வெள்ளையைக் காட்டினார். இருக்கட்டும் என்றேன். நக்கோ அங்கிள், வேண்டாம், நல்லா இருக்காது என்றார். நல்லா இருக்கக்கூடாது என்று அவருக்கு எந்த மொழியில் சொல்வது? பணத்தைக் கொடுத்துவிட்டுப் படத்தைச் சுருட்டிக்கொண்டேன்.

இப்போது சுவரில் இருப்பது அந்தப் படம்தான். பழையதை என்ன செய்தாள் என்று கேட்கவில்லை. நான் போகிறேன், காப்பி வருகிறது, பழம் வருகிறது, கோபம் இல்லை. நண்பன் மட்டும் என்னைப் பார்த்தால், வாரும் வே மாமா என்று வேண்டுமென்றே கூப்பிடுகிறான்.

ஆனால் ஒன்று. பேசும்போது அவள் இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கொஞ்சம் தள்ளி, இடது பக்கமாகப் பார்க்கிறாள். அவளுக்கே அது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. நான் காதிலிருக்கும் முடியை மழித்துக்கொண்டு போகிறேன். சோபாவில் ஜன்னல் பக்கமாக, வெளிச்சம் விழுகிற மாதிரி உட்காருகிறேன். அவள் பேசிக்கொண்டிருக்கும்வரை தலையை அசைப்பதில்லை.